ஒரு பையில் எத்தனை கோடி

பெட்டி லேபுக்கு வந்ததும் முதலில் பையை எடை போடுவோம். பிரசவம் முடிந்ததும் தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ரத்தம் அந்தப் பையில் இருக்கும். பையில் ரத்தம் உறையாமல் இருக்க 35 மில்லி மருந்தை முன்கூட்டியே ஊற்றி வைத்திருப்பார்கள். தராசு காட்டும் கணக்கிலிருந்து காலிப் பையின் எடையையும் அந்த மருந்தையும் கழித்தால் மிஞ்சுவதுதான் குழந்தையின் ரத்தம். பார்வைக்குத் தளதளவென்று நிறைந்த பையிலும் சில நாள் 40 மில்லிதான் தேறும். நல்ல பையென்றால் நூறைத் தாண்டும். பெரும்பாலானவை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

அதற்குள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து போன் வந்துவிடும். லைனில் அப்பா காத்திருப்பார். "மேடம், எங்க பாப்பாவோட பேக் பத்திரமா வந்துருச்சா?" பத்திரமாக வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம், அது பொய்யில்லை. எவ்வளவு வந்திருக்கிறது, அது எதற்குக் காணும் என்று கேட்டவர்கள் அபூர்வம்.

சென்னையில் ஒரு தனியார் தொப்புள்கொடி ரத்த வங்கியில் டெக்னாலஜிஸ்டாகப் பல வருடம் இருந்தேன். பிறகு ஒரு மருத்துவமனையின் எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவு லேபுக்கு மாறினேன். முதல் இடத்தில் வேலை உறைய வைப்பது, இரண்டாவது இடத்தில் உருக்கிக் கொடுப்பது. உறைய வைக்கிற இடத்தில் தினமும் பைகள் வந்து குவியும். உருக்குகிற இடத்தில் தொப்புள்கொடிப் பை வருவது அத்தனை அபூர்வம் என்பதால், வருகிற அன்று வார்டு முழுக்கத் தெரிந்துவிடும். இந்த இரண்டு லேபுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் எழுதப் பார்க்கிறேன்.

பையில் இருப்பது என்ன? தொப்புள்கொடியிலும் நஞ்சிலும் தங்கிவிடுகிற ரத்தம். அதில் ரத்தத்தை உண்டாக்குகிற மூல அணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், பெரியவர்களின் உடம்பில் ஓடும் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூன்றையும் புதிதாக உற்பத்தி செய்யத் தெரிந்தவை இவை. நோயாளியின் பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு இவற்றை நரம்பு வழியாக ஏற்றினால், தாமாகவே எலும்புக்குள் போய்க் குடியேறிப் புது மஜ்ஜையை வளர்க்கும். தொப்புள்கொடி ரத்தத்தின் நிரூபணமான உபயோகம் இது ஒன்றுதான். மூட்டுவலி, சர்க்கரை, பக்கவாதம், கூந்தல் என்று நீளும் பட்டியலுக்கு இன்னும் ஆதாரமில்லை. ஆட்டிசத்துக்கு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் முறையாகவே பரிசோதித்தார்கள். 2020இல் வெளியான முடிவில், குழந்தைகளின் பழகும் திறனில் மொத்தமாகப் பார்த்தால் குறிப்பிடும்படி முன்னேற்றம் இல்லை.

எங்கள் லேபில் எல்லாக் கணக்கும் கோடியில்தான் ஓடும். பைக்குள் உட்கரு உள்ள அணுக்கள் மொத்தம் எத்தனை என்று ஒரு கருவி எண்ணிச் சொல்லும். மூல அணுக்களைத் தனியாக எண்ணவும் வழி உண்டு. ஆனால் முதல் வடிகட்டி இந்த மொத்த எண்ணிக்கைதான். தோராயமாக ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கோடி அணுக்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மாற்று சிகிச்சைக்கு நோயாளியின் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 2.5 முதல் 3 கோடி வேண்டும். பத்து கிலோ குழந்தைக்கு 30 கோடி போதும், சின்னப் பையே தாங்கும். அறுபது கிலோ ஆளுக்கு 180 கோடி வேண்டும். அவ்வளவு ரத்தம் ஒரு தொப்புள்கொடியில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பெரியவர்களுக்கு இரண்டு குழந்தைகளின் பைகளைச் சேர்த்து ஏற்றும் பழக்கம் வந்ததே இதனால்தான்.

'குழந்தைக்கு ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு' என்று விளம்பரம் சொல்கிறது. குழந்தை வளர்கிறது, பை வளர்வதில்லை. 60 கோடி உள்ள பை நான்கு வயது வரை தாராளம், பத்து வயதில் இழுபறி, கல்லூரிக்குப் போகும்போது தனியாக நின்று எதுவும் செய்ய முடியாத அளவு. இந்த எண் பெற்றோருக்கு அனுப்பும் சான்றிதழிலேயே அச்சாகியிருக்கும். ஆனால் பத்தின் அடுக்காக, பக்கத்தில் ஒரு சின்ன எண்ணை மேலே தூக்கிப் போட்டிருப்பார்கள். அதைக் கோடியாக மாற்றிக் குழந்தையின் எடையால் வகுத்துப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொது வங்கிகள், அதாவது தானமாக வாங்கி யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்குக் கொடுக்கும் வங்கிகள், இதில் கறாரானவை. தொண்ணூறு கோடிக்குக் கீழே இருந்தால் வேண்டாம் என்றவை, பிறகு நூற்றிருபத்தைந்து, நூற்றைம்பது என்று வரம்பை ஏற்றிக்கொண்டே போயின. தானமாக வந்ததில் பெரும்பகுதியை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள், அல்லது அழித்தார்கள். தனியார் வங்கியில் அந்த வரம்பு கிடையாது. பை சின்னதாக இருந்தால் பெற்றோரைக் கேட்போம். பணம் கட்டிவிட்டவர்கள் "இருக்கறத வச்சுருங்க" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இன்னொரு தடவை எடுக்க முடியாத பொருள்.

பை எப்படிச் சின்னதாகிறது என்பது லேபர் வார்டில் முடிவாகிற விஷயம். குழந்தை வெளியே வந்து, கொடியைக் கிளிப் போட்டு வெட்டியதும், கொடியை அயோடின் வைத்து நன்றாகத் துடைத்து, அதன் பெரிய நரம்பில் ஊசியைக் குத்திப் பையைத் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். ரத்தம் தன்னால் இறங்கும். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் கொடி வெளுத்துச் சப்பையாகிவிடும். அது வரை பையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து கலக்காமல் உள்ளே கட்டி தட்டிவிடும். தாய்க்கு ரத்தப்போக்கு, குழந்தை அழவில்லை என்று ஏதாவது வந்துவிட்டால் பையை யாரும் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் கூடாது. பெட்டியைத் திறக்கும்போதே வெளிச்சத்தில் பையைச் சாய்த்துப் பார்த்தால், ஓரத்தில் ஈரல் துண்டு மாதிரி கட்டிகள் தெரியும். கட்டிக்குள் சிக்கிய அணுக்கள் போனவைதான்.

இதில் இன்னொரு இழுபறியும் உண்டு, அதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்வேன். கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பொறுமையில் நஞ்சில் இருக்கும் ரத்தம் குழந்தைக்கே திரும்பிப் போகிறது. முதல் ஒரு நிமிடத்திலேயே சுமார் 80 மில்லி போய்விடும். பிறந்து சில மாதங்களில் வரும் இரும்புச்சத்துக் குறைவுக்கு இதைவிட மலிவான தடுப்பு கிடையாது. பிறந்த குழந்தையின் உடம்பில் மொத்தமே கால் லிட்டர் சொச்சம் ரத்தம்தான். அதோடு ஒப்பிட்டால் 80 மில்லி சின்ன விஷயமா? பையை நிரப்ப வேண்டுமென்றால் சீக்கிரம் வெட்ட வேண்டும், குழந்தைக்குக் கொடுக்க வேண்டுமென்றால் பை இளைக்கும். 'வீணாகக் குப்பைக்குப் போகும் ரத்தம்' என்று துண்டறிக்கைகள் எழுதுவது இந்த ஒரு நிமிடத்தைக் கணக்கில் எடுக்காமல்தான்.

பை லேபுக்கு வந்து சேர்வதற்குள் 48 மணி நேரம் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டத் தாண்ட அணுக்கள் சாகும். பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதியும் சின்னக் கருவி ஒன்று இருக்கும். மே மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து வரும் பெட்டி என்றால் முதலில் அதைத்தான் பார்ப்போம். பிறகு சிவப்பணுக்களைப் பிரிக்கும் வேலை. ஒரு மாவுச்சத்துக் கரைசலைச் சேர்த்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியும். பையைச் சுழல் கருவியில் சுற்றி, அமுக்கி, மேலே நிற்கும் வெள்ளணுப் படலத்தை மட்டும் இன்னொரு பைக்குத் தள்ளுவோம். நூறு மில்லி இருபது மில்லியாகிவிடும். இந்த இடத்தில் பத்து, பதினைந்து சதவீத அணுக்கள் கைநழுவிப் போகும். எவ்வளவு பழகிய கையானாலும் கொஞ்சம் போகத்தான் செய்யும்.

அடுத்து உறைய வைப்பது. வெறுமனே குளிர வைத்தால் அணுவுக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி அதைக் கிழித்துவிடும். அதனால் டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தைக் கலக்கிறோம். மொத்தத்தில் அது பத்து சதவீதம். பையை ஐஸ் மேல் வைத்து, சொட்டுச் சொட்டாக, கால் மணி நேரம் கையால் கலக்க வேண்டும். சாதாரண வெப்பத்தில் அதுவே அணுவுக்கு விஷம் என்பதால், கலந்த பிறகு ஒரு நொடியும் சும்மா நிற்க முடியாது. பிறகு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிரவைக்கும் கருவிக்குள் போகும். திரை மேல் கோடு சீராக இறங்கிக்கொண்டே வந்து, திரவம் கட்டியாகும் இடத்தில் சட்டென்று மேலே துள்ளும். உறையும்போது வெளிப்படும் வெப்பம் அது. கருவி உடனே குளிரைக் கொட்டி அதை அடக்கும். அந்தத் துள்ளல் அளவுக்கு மேல் நீண்டிருந்தால் அந்தப் பையின் கோப்பில் குறிப்பு எழுதுவோம். கடைசியில் திரவ நைட்ரஜன் தொட்டி. திரவத்துக்குள் மைனஸ் 196 டிகிரி, மேலே ஆவியில் மைனஸ் 150க்குக் கீழே. பையோடு ஒட்டிய குழாயில் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கொஞ்சம் ரத்தத்தை முத்திரையிட்டு விடுவோம். பின்னாளில் பையைத் தொடாமலே பரிசோதிக்க அதுதான் வழி.

முறையாக உறைந்த பை பல பத்தாண்டு தாங்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தொட்டி தாங்குமா என்பதுதான் கேள்வி. 2023 நவம்பரில் சிங்கப்பூர் சுகாதார அமைச்சகம் அங்குள்ள ஒரு தனியார் வங்கியின் தொட்டிகள் சரியான குளிரில் இல்லை என்று அறிவித்தது. ஒரே தொட்டியில் சுமார் 2,200 பைகள் கெட்டுப்போயிருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் வருடக்கணக்காகப் பணம் கட்டிக்கொண்டு இருந்தவர்கள். பை கெட்டதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கெட்டது நல்லது இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைப் பனி பூத்துத்தான் இருக்கும்.

இனி, இது யாருக்கு உபயோகம்? துண்டறிக்கையில் 'எண்பதுக்கும் மேற்பட்ட நோய்கள்' என்று இருக்கும். பட்டியல் பொய்யில்லை. ரத்தப்புற்று, தாலசீமியா, சிக்கிள் செல், மஜ்ஜை வற்றிப்போகும் நோய், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத நோய்கள், சில நொதிக் குறைபாடுகள் என்று எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றில் அநேகமாக எல்லாமே இன்னொருவருடைய அணுக்களால் குணமாகிறவை. தாலசீமியா உள்ள குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் அதே தாலசீமியா மரபணுதான் இருக்கும். அதையே திரும்ப ஏற்றினால் நோயையே திரும்ப ஏற்றியதாகும். ரத்தப்புற்றிலும் பெரும்பாலும் இதே கதை. சில குழந்தைகளுக்குப் பின்னாளில் வரும் ரத்தப்புற்றின் முதல் விதை பிறக்கும்போதே ரத்தத்தில் இருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மேலும் ரத்தப்புற்றில் மாற்று அணுக்கள் எஞ்சிய புற்றணுக்களை அந்நியமாகப் பார்த்துத் தாக்குவதுதான் சிகிச்சையின் பாதி பலம். சொந்த அணுவுக்குச் சொந்தப் புற்று அந்நியமாகத் தெரியாது.

இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2018இல் ஒரு கருத்தறிக்கை வெளியிட்டது. ஒருவர் தன் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தை முதல் இருபது வயதுக்குள் பயன்படுத்த வாய்ப்பு 2,500இல் ஒன்று முதல் இரண்டு லட்சத்தில் ஒன்று வரை என்று அதில் சொன்னார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சொந்த உபயோகத்துக்காகச் சேமிப்பதைப் பரிந்துரைப்பதில்லை. கூடவே 2017 வழிகாட்டலில் இன்னொன்றையும் சொன்னது: நம் நாட்டில் உரிமம் பெற்றுச் சேமிக்கக்கூடியது தொப்புள்கொடி ரத்தம் மட்டுமே. கொடியின் திசு, பல், மாதவிடாய் ரத்தம் இவற்றைச் சேமிக்க அனுமதி இல்லை. யாராவது 'காம்போ பிளான்' என்று திசுவையும் சேர்த்து விற்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

ஆனால் பை பொன்னாகிற வீடு ஒன்று உண்டு. ஏற்கனவே மஜ்ஜை மாற்று தேவைப்படும் குழந்தை இருக்கிற வீட்டில், அடுத்த பிரசவம். உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்றே அப்படி நடந்ததுதான். 1988 அக்டோபரில் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில், எலியான் குளுக்மான் என்ற மருத்துவர், ஃபான்கோனி சோகை இருந்த அமெரிக்கச் சிறுவனுக்கு அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றினார். அவனுக்கு வாழ்வு கொடுத்தது தங்கையின் பை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். சேலம் பக்கம். மூத்தது பெண், பீட்டா தாலசீமியா மேஜர், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், தேங்கும் இரும்பை வெளியேற்றத் தினமும் மாத்திரை. அம்மா மறுபடி உண்டானபோது மருத்துவர்கள் முதலில் பார்த்தது வயிற்றில் இருப்பதற்கு நோய் இருக்கிறதா என்பதை. மூன்றாவது மாதத்தில் நஞ்சிலிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில், தாய் தகப்பனைப் போல ஒற்றை மரபணு மட்டும், அதாவது நோய் இல்லை, கடத்துபவர் மட்டுமே என்று வந்தது. கடத்துபவரின் ரத்தம் மாற்றுக்குத் தாராளமாக உதவும். அதற்குப் பிறகுதான் தொப்புள்கொடியைப் பற்றியே பேசினார்கள்.

பிறந்தது பையன். சிசேரியன், எந்த அவசரமும் இல்லாமல் நிதானமாக நடந்தது. பை வந்து எடை போட்டபோது மருந்து போக 93 மில்லி. எண்ணியதில் 102 கோடி. பிரித்தெடுத்த பிறகு 90. கிருமி வளர்கிறதா என்று போட்ட சோதனை சுத்தமாக வந்தது. சுகப்பிரசவப் பைகளில் இதில்தான் அதிகம் அடிபடும். அப்போது அக்காவின் எடை 16 கிலோ. கிலோவுக்கு 5.6 கோடி. நல்ல பை என்று சொல்லலாம். ஆனால் இன்னும் பாதிக் கேள்வி பாக்கி. திசுப் பொருத்தம். உடன்பிறந்தவர்களுக்குள் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். பொருந்தாத வீடுகளில் அந்தப் பை அந்த அக்காவுக்கு அனேகமாக உதவாது. இவர்களுக்குப் பொருந்தியது. அப்பா போனில் "அக்கா, நெசமாவா?" என்று இரண்டு முறை கேட்டார். அது வரை என்னை மேடம் என்று கூப்பிட்டவர்.

உடனே ஏற்றிவிடவில்லை. தாலசீமியாவில் தொப்புள்கொடி ரத்தத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அடிக்கடி ரத்தம் ஏற்றிய உடம்பு அந்நிய அணுக்களை எதிர்க்கப் பழகியிருக்கும், மஜ்ஜையும் அளவுக்கு மீறிப் பெருத்திருக்கும். அணுக்கள் குறைந்த பை என்றால் நிராகரித்துவிடும் அபாயம் அதிகம். அதனால் இந்த நோய்க்கு உருக்கிய பிறகும் கிலோவுக்கு 3.5 கோடிக்குக் குறையாமல் இருக்கப் பார்ப்பார்கள். தம்பிக்கு ஒரு வயது தாண்டட்டும், அவனிடமிருந்து கொஞ்சம் மஜ்ஜையும் எடுத்துப் பையோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அப்போது அக்கா 18 கிலோ.

உருக்குவது பதற்றமான வேலை. பையை 37 டிகிரித் தண்ணீரில் மெல்ல ஆட்ட வேண்டும். கடைசிப் பனித்துணுக்கு கரைகிற வேளையில் எடுத்துவிட வேண்டும். உறைந்த பை கண்ணாடியைப் போல, மடிப்பில் விரிசல் விட்டிருந்தால் தண்ணீரில் போட்ட பிறகே தெரியும். அதனால்தான் அதை இன்னொரு கிருமியற்ற உறைக்குள் போட்டு உருக்குகிறோம். இந்தப் பை சேதமில்லாமல் வந்தது. எண்ணியபோது 76 கோடி, பதினெட்டால் வகுத்தால் 4.2. ஏற்றிய கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க அவித்த சோளமும் பூண்டும் கலந்த மாதிரி ஒரு வாடை. டிஎம்எஸ்ஓ மூச்சு வழியாக வெளியேறுவதால் வருவது. குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டது. மூன்றாவது வாரக் கடைசியில் வெள்ளணு தலைகாட்டியது. அதற்குப் பிறகு காய்ச்சலும் மருந்துகளுமாகச் சில மாதம் அலைந்தார்கள். இப்போது அந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றுவதில்லை.

இந்தக் கதையை விற்பனைப் பிரிவுக்குச் சொன்னால் அப்படியே துண்டறிக்கையில் போட்டுவிடுவார்கள். அவர்கள் விட்டுவிடுகிற வரி ஒன்று இருக்கிறது: பை இல்லாவிட்டாலும் அந்தத் தம்பி இருந்தான். வளர்ந்த பிறகு அவன் மஜ்ஜையை மட்டும் வைத்தே செய்திருக்கலாம். 2013இல் வெளியான ஐரோப்பியக் கணக்கில், உடன்பிறந்தவரின் மஜ்ஜை பெற்ற தாலசீமியா நோயாளிகளில் ஆறு வருடம் நோயின்றி இருந்தவர்கள் 86 சதவீதம், தொப்புள்கொடி ரத்தம் பெற்றவர்களில் 80. பையின் ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. மாற்று அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் தாக்கும் சிக்கல் இதில் குறைவு. குழந்தையிடமிருந்து எடுக்க வேண்டிய மஜ்ஜையின் அளவும் குறைகிறது. இப்படிப்பட்ட வீட்டுக்குச் சேமிக்கச் சொல்லி மருத்துவரே எழுதிக் கொடுப்பார். அங்கே நானும் யோசிக்காமல் சரி என்பேன்.

மற்ற வீடுகளுக்கு? தனியார் வங்கிகளில் திட்டத்தைப் பொறுத்து ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை ஆகிறது. தவணையும் உண்டு. ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பதியிடம் 'ஒருமுறைதான் வாய்ப்பு' என்று சொன்னால் மறுக்க மனசு வராது. மாமியார், மாமனார் முன்னால் 'பிள்ளைக்குச் செய்ய மாட்டீர்களா' என்ற தொனியில் கேட்டால் இன்னும் கஷ்டம். இந்தப் பேச்சு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும்போது, டாக்டர் சொன்ன மாதிரியே காதில் விழும்.

சமீப வருடங்களில் 'சமூக வங்கி' என்று ஒன்று வந்திருக்கிறது. 2017 வாக்கில் சென்னையிலிருந்தே தொடங்கியது. உறுப்பினர்களின் பைகளையெல்லாம் ஒரே குளத்தில் போட்டு, யாருக்குத் தேவையோ அவருக்குப் பொருந்துவதை எடுத்துக் கொடுப்பது. சொந்தப் பை சொந்தத்துக்கு உதவாது என்ற உண்மையை ஒப்புக்கொண்ட திட்டம் இது என்பதால், பழையதைவிட இதில் அர்த்தம் அதிகம். இந்திய மரபணுக்கள் உலகப் பதிவேடுகளில் குறைவு என்பதும் வாஸ்தவம். ஆனாலும் பையின் கோடிக் கணக்கு இங்கேயும் மாறுவதில்லை. குளத்தில் பொருத்தமான பை கிடைத்தும் அதில் 50 கோடி மட்டும் இருந்தால் உங்கள் பத்து வயதுப் பிள்ளைக்கு அது என்ன செய்யும்? எத்தனை பைகள் இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்பவர்களிடம், நூறு கோடிக்கு மேல் எத்தனை என்று கேளுங்கள்.

இதற்கிடையில் மாற்று சிகிச்சையே வேறு பாதையில் போய்விட்டது. பாதிப் பொருத்தமுள்ள தாயோ தகப்பனோ கொடுக்கும் அணுக்களை வைத்தே செய்யும் முறை கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் நன்றாகத் தேறிவிட்டது. அணுக்களை ஏற்றிய மூன்றாம், நான்காம் நாள் சைக்ளோபாஸ்பமைடு என்ற பழைய மருந்தைக் கொடுத்துத் தாக்குதல் குணத்தை அடக்குகிறார்கள். பாதிப் பொருத்தம் எல்லாப் பிள்ளைக்கும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வேண்டிய அளவு எடுக்கலாம், போதாவிட்டால் மறுபடியும் கேட்கலாம். உலக அளவில் தொப்புள்கொடி மாற்றுகளின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். நான் இப்போதிருக்கும் லேபில் வாரம் தவறாமல் வருவது அப்பா அம்மாக்களின் பைகள். தொப்புள்கொடிப் பையை உருக்கப் புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றால், பை வர வேண்டுமே.

போன வருடம் அண்ணன் மகள் கேட்டாள். "அத்தை, நீங்க அந்த லேப்ல இருந்தவங்கதான, போட்டுரலாமா?" முதல் பிரசவம், வீட்டில் யாருக்கும் ரத்த நோய் கிடையாது. நான் கேட்டது ஒன்றுதான்: இரண்டு பேருக்கும் தாலசீமியா, சிக்கிள் செல் இருக்கிறதா என்று ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை எடுத்தாயிற்றா? எடுக்கவில்லை. யாரும் சொல்லவில்லை. வங்கித் திட்டத்தின் விலையில் சின்னத் துளிதான் அந்தச் செலவு. இரண்டு பேரும் கடத்துபவர்கள் என்று வந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியது பிரசவத்துக்கு முன்னால்.

அவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. மாப்பிள்ளை மட்டும் பீட்டா தாலசீமியா கடத்துபவர் என்று வந்தது. ஒருவருக்கு மட்டும் என்றால் பயமில்லை, ஆனால் அவர் தங்கைக்கும் பரிசோதனை எடுக்கச் சொன்னோம். வங்கியில் சேரவில்லை. பிரசவத்தன்று கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டும்படி மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துக் கோப்பிலும் எழுதச் சொன்னேன். அதற்கு அந்த மருத்துவமனையில் தனிக் கட்டணம் ஏதும் இல்லை.